டயர் பீடு உட்கார 70 பிஎஸ்ஐ காற்று ஏற்றலாமா?

"டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காரவில்லையா? 'டப்' சத்தம் வரும்வரை 60, 70 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், தானாக உட்கார்ந்துவிடும்."

இப்படி ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு, உயிருக்கே ஆபத்து. கார் டயருக்கு இந்த வேலையில் உச்ச வரம்பு 40 பிஎஸ்ஐ. பல டயர்களின் பக்கச் சுவரில், இதற்குச் சமமான 275 கேபிஏ என்ற அளவோடு இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் டயரிலேயே பாருங்கள்.

பீடு என்பது டயரின் உள்விளிம்பு. அதனுள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது, அது நீளாது. காற்று தள்ளும்போது பீடு ரிம்மின் சிறு மேட்டைத் தாண்டி விளிம்போடு ஒட்டுகிறது. அந்தத் தாண்டல்தான் 'டப்' சத்தம். உராய்வாலோ துருவாலோ ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், ஏற்றும் அழுத்தம் முழுதும் அந்த இடத்துக் கம்பியை இழுக்கும். கம்பி அறுந்தால் டயர் வெடித்து, ரிம்மோடு சேர்ந்து ஆளை அடிக்கும். 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் மாட்டினால் எவ்வளவு ஏற்றினாலும் உட்காராது, கம்பிதான் அறும்.

40-இல் உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்குங்கள். டயர், ரிம் இரண்டின் அளவையும் ஒப்பிட்டு, ரிம்மைத் துடைத்து, பீடில் டயர் மாட்டும் சோப்புப் பசையைத் தடவி மறுபடி முயலுங்கள். காற்றுக்குழாயை வால்வில் கவ்வவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்புறம், பக்கச் சுவரிலுள்ள மெல்லிய வளையக் கோடு ரிம் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் கேட்டது மட்டும் போதாது.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.