மேகம் வோல்ட்டேஜைத் தின்னாது, தம்பி

என் கூரை சோலாரில் ஒரு ஸ்டிரிங், அதாவது தொடராக இணைத்த ஒரு வரிசை பேனல், குறைவாகத் தருகிறது என்று அதைப் போட்ட கம்பெனியிடம் புகார் சொல்லியிருந்தேன். இன்று காலை 9 மணிக்கு அவர்களிடமிருந்து மறுபடியும் அதே செய்தி வந்தது: "Case closed". இது மூன்றாவது முறை. கூரைமேல் ஒருவரும் ஏறவில்லை, ஒரு மீட்டரையும் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். சோலார் போட்டவர்கள் எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும் என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு அடுத்த நாள் அவர்கள் அனுப்பிய டெக்னீஷியன் பையன் வந்தான். கெலுகோரில் எங்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினான், போர்ச்சுக்குள் வந்தான், கைப்பேசியை எடுத்தான். கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. "அங்கிள், எல்லாம் பச்சைதானே காட்டுது? இந்த மாசம் 15 நாளுக்கு டார்கெட் 460 யூனிட். உங்களுக்கு 500 வந்திருக்கு. டார்கெட்டுக்கு மேலேயே போகுது அங்கிள்!"

நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இன்வெர்ட்டர் லாக் இறக்கி, அச்சடித்து வைத்திருந்த தாளை நீட்டினேன். அதை வாங்கக்கூட இல்லை. "ஒரு ஸ்டிரிங் கொஞ்சம் கம்மியா இருக்கும் அங்கிள், கிளவுட்தான்" என்றான். மேகமா? ஜனவரியில், பினாங்கில்! வருடத்திலேயே மழை குறைந்து வெயில் காய்கிற காலம் இது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்களைக் கேட்டால் தெரியும், தார் ரோட்டில் பாதம் எப்படிப் பொசுங்கும் என்று.

சரி, மேகம் என்றே வைத்துக்கொள்வோம். என் கூரையில் 20 பேனல், ஒவ்வொன்றும் 450 வாட். பத்துப் பத்தாக இரண்டு ஸ்டிரிங். இரண்டும் ஒரே கூரைப் பக்கம், ஒரே சரிவு, அடுத்தடுத்து. தலைக்கு மேலே வந்து நின்ற மேகம் ஒன்றை மட்டும் மூடிவிட்டு மற்றதை விட்டுவிடுமா? அதுவும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை, தினமும், இரண்டு மாதத்துக்கு மேலாகவா?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மேகம் குறைப்பது ஆம்பியரை. வெயில் பாதியானால் ஆம்பியரும் ஏறக்குறைய பாதியாகும். வோல்ட்டேஜ் அப்படி விழாது, கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். பேனல் சூடேறினால் கொஞ்சம் குறையும், அது இரண்டு ஸ்டிரிங்குக்கும் பொது. என் லாக்கில் நடப்பதோ நேர் எதிர். நண்பகலில் முதல் ஸ்டிரிங் 370 வோல்ட், 8.1 ஆம்பியர். இரண்டாவது 333 வோல்ட், 8.1 ஆம்பியர். ஆம்பியர் ஒன்றேதான், 37 வோல்ட்தான் காணாமல் போயிருக்கிறது. வெயிலில் சூடேறிய ஒரு பேனல் தருகிற வோல்ட்டேஜ் எவ்வளவு? பத்துப் பேனலுக்கு 370 என்றால் ஒன்றுக்கு 37. இதைச் சொல்ல எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டுமா?

தூசி எல்லாப் பேனலிலும் பரவிப் படிந்திருந்தால் ஆம்பியர் குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் என்றால் குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டும் வோல்ட்டேஜ் விழுந்து, நிழல் நகர்ந்ததும் திரும்பியிருக்கும். மேகமூட்டமான நாளில் நிழலே இருக்காது, குறையும் மறைந்துவிடும். இது எதுவும் நடக்கவில்லை. வெயிலோ மந்தாரமோ, அதே குறை. நான் செய்தது ஒரே ஒரு வரிக் கணக்கு. இன்வெர்ட்டர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிற லாக்கை இறக்கி, ஸ்பிரெட்ஷீட்டில் B-யில் முதல் ஸ்டிரிங்கின் வோல்ட்டேஜ், C-யில் அதன் ஆம்பியர், D-யில் இரண்டாவது ஸ்டிரிங்கின் வோல்ட்டேஜ் என்று வைத்தேன்.

```
=IF(C2>3, D2/B2, "")
```

3 ஆம்பியருக்குக் கீழே உள்ளதைத் தள்ளியது எதற்கென்றால், விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் எண்கள் தாறுமாறாக ஆடும். மீதியை வரைந்து பார்த்தால் ஒரு கோடு. தீபாவளிக்கு முந்தின வாரம் வரைக்கும் அந்தக் கோடு 1.00-ஐ ஒட்டியே ஓடுகிறது. அந்த வாரம் ஒரு ராத்திரி இடி, வீடே அதிர்ந்தது, பக்கத்து வீட்டு ஆட்டோகேட் போர்டு எரிந்தது. மறுநாள் காலையிலிருந்து 0.90. ஒரு படி இறங்கின மாதிரி, அன்றிலிருந்து இன்றுவரை ஏறவே இல்லை. அழுக்கு இப்படி ஒரே ராத்திரியில் சேராது, பேனலும் ஒரே ராத்திரியில் கிழமாகாது.

என் சந்தேகம், நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரம் போக வழிவிடுகிற பைபாஸ் டயோடு மேல்தான். என் பேனல் ஒவ்வொன்றின் பின்பெட்டியிலும் மூன்று டயோடு. மின்னல் தந்த மின் அதிர்ச்சியில் அதில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால், அது காக்கிற மூன்றில் ஒரு பங்கு பேனல் செத்தது போலத்தான். மின்சாரம் அதைத் தாண்டிப் போய்விடும், அதனால் ஆம்பியர் குறையாது, சுமார் 12 வோல்ட் மட்டும் போகும். எனக்கு 37 போயிருக்கிறது, ஆக மூன்று டயோடு. ஒரே பேனலிலா, மூன்று பேனலில் ஒவ்வொன்றா என்பது மேலே ஏறினால்தான் தெரியும். ஏறினால்தானே!

இன்வெர்ட்டர் ஏன் பச்சை காட்டுகிறது? 333 வோல்ட் அது வேலை செய்யும் எல்லைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். பேனல் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அது எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த 460 யூனிட் டார்கெட்டைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. விற்கும்போது வருடத்துக்கு ஒரு எண் போட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நவம்பர் மழைக்கும் அதே எண், ஜனவரி வெயிலுக்கும் அதே எண். அதைத் தாண்டியது வெயிலின் புண்ணியம். சரியான எதிர்பார்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது: அந்த 15 நாளில் முதல் ஸ்டிரிங் ஏறக்குறைய 263 யூனிட், இரண்டாவது 237. அதே வானம், அதே கூரை. இரண்டும் நலமாக இருந்தால் 526 வந்திருக்கும். மொத்தத்தில் 5 விழுக்காடு நஷ்டம். அன்றன்றைய மொத்தத்தைப் பார்த்தால் இது கண்ணில் படவே படாது, ஒரு மத்தியான மழை அதைவிட அதிகம் தின்றுவிடும். அதனால்தான் ஸ்டிரிங்கை ஸ்டிரிங்கோடு ஒப்பிடச் சொல்கிறேன். இரண்டும் வேறு திசை பார்க்கும் கூரையென்றால் நேரடியாக ஒப்பிட முடியாது, அப்போதும் பழைய விகிதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டிலும் ஒரே அளவு அழுக்கு படிந்தால் மட்டும் இந்த வழி ஏமாற்றும். என் பிரச்சினை அது இல்லை.

அவன் செய்ய வேண்டியிருந்தது என்ன? இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரை அணைத்து, இரண்டு ஸ்டிரிங்குக்கும் தனித்தனியே சுமையில்லா வோல்ட்டேஜ் அளக்க வேண்டும். ஏணிகூட வேண்டாம். ஒன்று 450 காட்டும், மற்றது 405 பக்கம் நிற்கும். ஐந்து நிமிட வேலை. அப்புறம் மேலே ஏறி, ஒவ்வொரு பேனலாக அளந்தால் 45 காட்டாத பேனல் மாட்டிக்கொள்ளும். என்னைச் செய்யச் சொல்லாதீர்கள், பத்து பேனல் சேர்ந்த டிசியில் கை வைக்க நான் தயாரில்லை. அதற்குத்தான் வாரண்டி, அதற்குத்தான் அவர்கள் டெக்னீஷியன்!

நான்காவது முறை கூப்பிட்டாயிற்று. லைனில் வந்த பெண் கதையை முதலிலிருந்து கேட்டாள், முதலிலிருந்து சொன்னேன். "ஆள் அனுப்புறோம் சார்" என்றாள்.

அனுப்பினால் வேனை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். போன தடவை அவன் வாசலில் ஏற்றி நிறுத்தினது, அம்மா முட்டிவலியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கலர் அரிசியில் போட்ட பொங்கல் கோலத்தின் மேல்.