ஒரு டாலர்கூட வாங்காத ரஜத் குப்தா ஏன் சிறைக்குப் போனார்?

கம்பெனியின் வெளிவராத உள் தகவலை வைத்து ஷேர் வாங்கி விற்கும் இன்சைடர் டிரேடிங் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்: "தெரிந்த விஷயத்தை வைத்து ஷேர் வாங்கினால் என்ன தப்பு? யாரையும் ஏமாற்றவில்லையே, விற்றவன் தானாகத்தானே விற்றான்?" படித்தவர்கள், பல வருடமாக மார்க்கெட்டில் இருப்பவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். பொதுவாக விளக்கிப் பயனில்லை, ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

2008 செப்டம்பர் 23. லேமன் பிரதர்ஸ் திவாலாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது, அடுத்து எந்த பேங்க் விழும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸின் போர்டு அன்று மதியம் போனிலேயே அவசரக் கூட்டம் நடத்தியது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே கோல்ட்மேனில் 500 கோடி டாலர் முதலீடு செய்யப்போகிறது, அதற்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பஃபெட் பணம் போடுகிறார் என்றால் கம்பெனி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். கூட்டத்தில் இருந்த இயக்குநர்களில் ஒருவர் ரஜத் குப்தா. கொல்கத்தாக்காரர், டெல்லி ஐஐடி, ஹார்வர்டு, அப்புறம் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்துக்கே உலகத் தலைவராக இருந்தவர்.

கூட்டம் முடியும்போது மணி கிட்டத்தட்ட 3:53. நியூயார்க் சந்தை நான்கு மணிக்கு மூடும். ஒரு நிமிடத்துக்குள் குப்தாவின் அலுவலகத்திலிருந்து ராஜ் ராஜரத்தினத்தின் நேரடி எண்ணுக்கு போன் போகிறது. ராஜரத்தினம், பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டி முதலீடு செய்யும் கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டை நடத்தியவர், கொழும்பில் பிறந்த தமிழர். சந்தை மூட சில நிமிடங்களே இருக்கும்போது கேலியன் கோல்ட்மேன் ஷேரை அவசர அவசரமாக வாங்குகிறது, விலை 125 டாலர் அளவில். மாலை பஃபெட் செய்தி வெளியாகிறது, மறுநாள் விலை ஏறுகிறது. இந்த ஒரு பேரத்தில் மட்டும் லாபம் 8 லட்சம் டாலருக்கு மேல்.

ஒரு மாதம் கழித்து அக்டோபர் 23, மறுபடியும் போர்டு கால். இந்த முறை கெட்ட செய்தி. அந்தக் காலாண்டில் கோல்ட்மேன் நஷ்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அதுவரை ஒரு ஷேருக்கு இரண்டு டாலர் அளவுக்கு நஷ்டம். 1999இல் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து அந்தக் கம்பெனி ஒரு காலாண்டில்கூட நஷ்டம் காட்டியதில்லை. வெளியில் இருந்த ஆய்வாளர்கள் லாபம் வரும் என்றே கணக்குப் போட்டிருந்தார்கள். கால் முடிந்து 23 விநாடிகளில் குப்தா ராஜரத்தினத்துக்கு போன் செய்கிறார். மறுநாள் காலை சந்தை திறந்ததும் ராஜரத்தினம் தன்னிடமிருந்த கோல்ட்மேன் ஷேர்களை விற்கிறார். அப்படித் தவிர்த்த நஷ்டம் 30 லட்சம் டாலருக்கு மேல் என்பது அரசுத் தரப்பின் கணக்கு.

சரி, இதில் ஏமாந்தது யார்? அக்டோபர் 24 காலை அந்த ஷேர்களை வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பென்ஷன் ஃபண்டாக இருக்கலாம், வீட்டிலிருந்து சேமிப்பைப் போட்ட ஒருவராக இருக்கலாம். அவர்களுக்குத் தெரிந்தது வெளியில் எல்லோருக்கும் தெரிந்தது மட்டும்தான். "அவர்கள் எப்படியும் வாங்கியிருப்பார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரப்போகும் நஷ்டத்தின் ஒரு பகுதி, போர்டு ரூமிலிருந்து கிளம்பிய ஒரு போன் காலால், தெரிந்தவர் கையிலிருந்து தெரியாதவர் கைக்கு மாறிவிட்டது. எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அந்த அறையில் ஆள் இருந்தால், வாங்குபவர் எத்தனை பேலன்ஸ் ஷீட் படித்தும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை குற்றத்தின் மையம் இதுவும் இல்லை. மார்க்கெட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கம்பெனியின் ஃபேக்டரி வாசலில் நின்று லாரிகளை எண்ணி, டீலர்களிடம் பேசி, பழைய கணக்கையெல்லாம் தோண்டி ஒருவர் முன்கூட்டியே கண்டுபிடித்தால் அது அவர் உழைப்பு. ராஜரத்தினம் தரப்பும் நீதிமன்றத்தில் இதைத்தான் வாதாடியது, பொதுவெளியில் கிடைத்த துண்டுத் துண்டுத் தகவல்களைக் கோர்த்துத்தான் முடிவெடுத்தோம் என்று. ஆனால் அரசிடம் அவருடைய போன் பேச்சுப் பதிவுகள் இருந்தன. அக்டோபர் 24 அன்றே, கோல்ட்மேன் போர்டில் இருக்கும் ஒருவரிடமிருந்து நேற்று கேள்விப்பட்டேன், ஷேருக்கு இரண்டு டாலர் நஷ்டம் வரப்போகிறது என்று அவர் தன் ஆளிடம் பேசியது பதிவாகியிருந்தது. 2011இல் 14 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு, 11 ஆண்டு சிறை.

குப்தா விஷயம்தான் எனக்கு முக்கியம். அவர் அந்தத் தகவலை வைத்து ஒரு ஷேர்கூட வாங்கவில்லை, ராஜரத்தினத்திடம் அதற்காகப் பணம் வாங்கியதாகவும் நிரூபணம் இல்லை. சொல்லப்போனால் ராஜரத்தினத்தோடு சேர்ந்து போட்ட ஒரு முதலீட்டில் அவருக்கு ஒரு கோடி டாலர் போய்விட்டது, இருவருக்கும் மனக்கசப்பு என்று அவர் தரப்பு வாதாடியது. அப்படியும் 2012 ஜூனில் நான்கு குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது (இரண்டில் விடுவித்தது). இரண்டு ஆண்டு சிறை, 50 லட்சம் டாலர் அபராதம். தண்டனை கொடுத்த நீதிபதி ஜெட் ரேகாஃப் அழுத்திச் சொன்னது நம்பிக்கைத் துரோகத்தைத்தான். அந்தத் தகவல் குப்தாவுடையது இல்லை, கோல்ட்மேனுடையது, அதன் பங்குதாரர்களுடையது. அவர்கள் சார்பாகக் கேட்டுக்கொள்ளத்தான் அவரை அந்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கேஷியர் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்து நண்பனுக்குக் கொடுத்துவிட்டு "நான் ஒரு பைசா தொடவில்லை" என்றால் ஒப்புக்கொள்வோமா?

ராஜரத்தினம் நம்மவர் என்பதால் சிலர் இன்னும் அவருக்குப் பரிந்து பேசுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அந்த விற்பனையின் எதிர்ப்பக்கம் நம் வீட்டுப் பணம் இருந்திருந்தால் இப்படிப் பேசுவோமா?

இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2015 விதிகள் ஒரு வகையில் அமெரிக்காவைவிடக் கறாரானவை. அங்கே தகவல் சொன்னவருக்கு ஏதாவது சொந்தப் பலன் இருந்ததா என்று பார்ப்பார்கள். நண்பனுக்குச் சும்மா கொடுத்த பரிசும் பலன்தான் என்று ஒரு விளக்கம் உண்டு என்றாலும், அந்தக் கேள்வி இருக்கிறது. இங்கே, முறையான வேலைக் காரணம் இல்லாமல் வெளிவராத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை இன்னொருவரிடம் சொன்னாலே மீறல். காலாண்டு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் வரை உள்ளே இருப்பவர்களுக்கு டிரேடிங் விண்டோ மூடியிருக்கும், அதாவது தங்கள் கம்பெனி ஷேரை அவர்கள் வாங்கவோ விற்கவோ கூடாது. அபராதம் 25 கோடி ரூபாய் வரை, அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது.

நிரூபிப்பதில்தான் சிக்கல். யார் எப்போது போன் செய்தார் என்ற பட்டியலை செபி கேட்டு வாங்கலாம், ஆனால் பேச்சை ஒட்டுக்கேட்க அதற்கு அதிகாரம் இல்லை. 2022 ஏப்ரலில் ஒரு நகை நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், உறவு இருந்தது, விற்ற நேரம் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது, தகவல் கைமாறியதற்கு உறுதியான ஆதாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிரபராதி மாட்டக்கூடாது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் குப்தா ராஜரத்தினத்திடம் அந்த இரண்டு நாளும் என்ன பேசினார் என்பதற்கும் ஒலிப்பதிவு கிடையாது. இருந்தவை போர்டு கால் முடிந்த நேரம், போன் போன நேரம், ஆர்டர் போன நேரம், அப்புறம் ராஜரத்தினம் மற்றவர்களிடம் வாய்விட்டது. அந்தக் கடைசி ஆதாரம் ஒட்டுக்கேட்டதால் கிடைத்தது. இங்கே அது கிடைக்க வழியே இல்லை என்னும்போது, 23 விநாடி இடைவெளி போன்ற ஒன்று பதிவில் இருந்தால், அந்த போன் எதற்கு என்று விளக்கும் பொறுப்பு போன் செய்த இயக்குநர் மேல்தான் இருக்க வேண்டும் என்பேன்.