‘ஃபக்’கும் ரஷ்யன் ‘மாத்’தும் ஒரே எடை இல்லை

அச்சில் போடத் தயங்கும் சொற்கள் இந்தப் பதிவில் நிறைய வரும். சங்கடமாக இருந்தால் இப்போதே தாண்டிப் போய்விடுங்கள்.

ரஷ்யன், ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவே வசனம் மொழிபெயர்க்கிறவர்களில் பலர் திட்டுகளை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிப் போடுவதை இன்னும் விடவில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபக்’ வந்தால் ரஷ்யனில் இன்ன சொல், அவ்வளவுதான், படம் முழுக்க அதையே ஒட்டிக்கொண்டே போவது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

ரஷ்யனில் ‘மாத்’ என்று ஒரு தனி வகை இருக்கிறது. ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, புணர்ச்சி, வேசி, இந்த நான்குக்குமான சொற்கள்தான் அதன் வேர். முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்தால் அந்த நான்கிலிருந்தே ‘பிரமாதம்’, ‘நாசமாப் போச்சு’, ‘திருடிட்டான்’, ‘அலுத்துப்போச்சு’ எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆனால் மற்றத் திட்டுகளுக்கும் மாத்துக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு, அந்தக் கோடு எங்கே என்று ரஷ்யர்கள் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கமே அதைச் சட்டமாக்கி வைத்திருக்கிறது. 2014 ஜூலை 1 முதல் மாத் உள்ள படத்துக்குத் திரையரங்க அனுமதி கிடையாது, மாத் உள்ள புத்தகத்தை உறை போட்டு ஒட்டி, மேலே எச்சரிக்கை அச்சிட்டுத்தான் விற்க வேண்டும். ஆங்கில ‘ஃபக்’குக்கு இப்படி ஒரு கோடு இப்போது கிடையாது. அது இருபது வயதுக்காரர்கள் வாயில் ஆச்சரியத்துக்கும் வரும், சலிப்புக்கும் வரும், சந்தோஷத்துக்கும் வரும், தேய்ந்துபோய்விட்டது.

அதனால் ஆங்கிலப் படத்தில் ஓர் அலுவலகப் பெண் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்து ‘ஃபக்’ என்று முணுமுணுத்தால் ரஷ்யனில் ‘பிளீன்’ போதும். பிளீன் என்றால் நேர்ப் பொருள் தோசை மாதிரி ஒரு பண்டம்தான். ‘ப்ளியாத்’ என்ற மாத் சொல்லின் முதல் ஒலி வந்துவிட்டதே என்று சட்டென்று திருப்பிக்கொள்ளும் சாமர்த்தியம் அது, பாட்டி முன்னாலும் சொல்லலாம். அதே ‘ஃபக்’கைக் குண்டு விழும் பள்ளத்தில் கிடக்கும் சிப்பாய் சொன்னால் பிளீன் போட்டீர்களோ, போச்சு. அவன் மாத்தில்தான் பேச வேண்டும். அங்கே மாத்தில் திட்டுவதில்லை, மாத்தில்தான் பேசுவார்கள் என்று ரஷ்யர்களே கேலியாகச் சொல்வார்கள்.

எது சரியான எடை என்று எப்படித் தெரியும்? நான் சொல்கிறவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கிறவன் முகத்தைப் பார்ப்பேன். அம்மா எதிரில் உட்கார்ந்திருக்க மகன் ‘ஃபக்’ என்கிறான், அவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருக்கிறாள் என்றால் அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் எடை இல்லை. ரஷ்யனில் அதை மாத் ஆக்கிவிட்டுக் காட்சியைப் பாருங்கள், அந்த அம்மா காது கேட்காதவள் மாதிரி தெரிவாள். திருப்பியும் நடக்கும். அடுத்த நொடி கத்தி எடுக்கிற அளவுக்கு ஒருவனுக்குக் கோபம் வருகிறது, ஆனால் மொழிபெயர்ப்பில் அவனைச் சொன்ன வார்த்தை ‘ச்சோர்த் பபெரி’, அதாவது ‘சைத்தான் கொண்டுபோக’. இந்த ‘ச்சோர்த் பபெரி’யை நிஜ வாழ்க்கையில் யார் சொல்கிறார்கள் என்று ரஷ்யர்கள் டப்பிங் படங்களைப் பார்த்துச் சிரிப்பது பழைய கதை.

இந்த மழுப்பலுக்கு எதிராகக் கிளம்பியவர்தான் கோப்ளின் என்ற பெயரில் பிரபலமான திமித்ரி புச்கோவ். மூலத்தில் திட்டு இருந்தால் மாத் போடுவேன், இல்லாத இடத்தில் போடமாட்டேன் என்பது அவர் கட்சி. ரவுடிப் படங்களுக்கும் போர்ப் படங்களுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் எல்லாப் படத்துக்கும் அதே விதி என்றால் மறுபடியும் எண்ணிக்கைக் கணக்குக்குத்தான் வந்து நிற்கிறோம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, ரஷ்யனிலிருந்து ஆங்கிலத்துக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24, கருங்கடலில் பாம்புத் தீவு. ரஷ்யக் கப்பல் வானொலியில் ‘நான் ரஷ்யப் போர்க்கப்பல்’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்கிறது. தீவில் இருந்த உக்ரைன் எல்லைக் காவலர்கள் தங்களுக்குள் ஒரு கணம் பேசிக்கொள்கிறார்கள், திருப்பித் திட்டிவிடலாமா என்கிற மாதிரி. அப்புறம் ரஷ்யனிலேயே பதில் வருகிறது: ‘ரூஸ்கிய் வயேன்னிய் கராப்ல், இதீ நா ஹூய்.’

கடைசிப் பகுதியின் நேர்ப் பொருள் ‘ஆணுறுப்புக்குப் போ’. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அப்படி யாரும் திட்டுவதில்லை. ‘ஃபக் ஆஃப்’ போடலாமா? பிரிட்டிஷ்காரர்கள் அதை நண்பனிடம் ‘போடா, சும்மா சொல்லாதே’ என்கிற அர்த்தத்திலும் சொல்கிறார்கள், கனம் குறைந்துவிடுகிறது. உலகம் முழுக்கப் பரவியது ‘கோ ஃபக் யுவர்செல்ஃப்’. நல்ல தேர்வு என்பேன். எடை ஒத்துவருகிறது, ரஷ்யனில் இருக்கும் ‘போ’வும் ‘கோ’வாகத் தப்பிப் பிழைக்கிறது. பாதித் திட்டு அந்த முதல் பகுதியில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். கப்பல் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டதோ அதே விறைப்பான பெயரால் கூப்பிட்டு, வானொலி ஒழுங்கு தவறாமல், அப்புறம் மாத். மேலே சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கீழே ஒன்றுமில்லாமல் நிற்கிற மாதிரி. முதல் பாதியைக் கொச்சையாக்கியிருந்தால் வாக்கியமே செத்திருக்கும். (அதே வருடம் ஏப்ரலில் உக்ரைன் அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையில் சிப்பாய் கப்பலுக்கு நடுவிரலைக் காட்டுகிறான். எந்த மொழிக்காரருக்கும் உரை வேண்டாம்.)

ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் வரவில்லை. ‘இதீ’ என்பது ‘போ’. ‘போங்கள்’ என்றால் ‘இதீத்யே’. ரஷ்யர்கள் மரியாதைப் பன்மையில் ‘இதீத்யே நா ஹூய்’ என்றும் சொல்வார்கள், அது இன்னும் குளிர்ச்சியான அவமானம், கை நீட்டாமலே அறைகிற ரகம். நமக்கு இது உடனே புரியும். ஆங்கிலத்தில் இந்த வேற்றுமையே இல்லாததால் ‘சார்’ என்றோ ‘தயவுசெய்து’ என்றோ எதையாவது முன்னால் வைத்துத்தான் அந்தக் குளிரைக் கொண்டுவர முடியும்.

இதே திட்டுக்குப் படிகளும் உண்டு. ‘இதீ நா ஃபிக்’ செல்லச் சிணுங்கல் மாதிரி, ‘இதீ நா ஹ்ரியேன்’ நிஜக் கோபம் ஆனால் மாத் இல்லை, உச்சியில் ‘ஹூய்’. மூன்றையும் ஆங்கிலத்தில் ‘ஃபக் ஆஃப்’ என்றே போடுகிற சப்டைட்டில்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன, எரிச்சலாக வரும். முதலாவதற்கு ‘கெட் லாஸ்ட்’ தாராளம்.

ரஷ்யத் திரையரங்குக்கு வேலை செய்கிறவருக்குத்தான் பெரிய தலைவலி, உச்சிப்படியே சட்டப்படி கிடையாது. கெட்டிக்காரர்கள் அங்கே வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார்கள். ‘த பஷோல் தீ’ என்றால் ‘போடா நீ’, எங்கே போவது என்று சொல்லவில்லை, கேட்கிறவர் காதுக்குள்ளேயே மிச்சம் பூர்த்தியாகிவிடும். தணிக்கைக்காரருக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. ‘ச்சோர்த் பபெரி’யைவிட இது பத்து மடங்கு உறைக்கும்.

கடைசியாக மிருகங்கள். ‘கஸ்யோல்’ என்றால் ஆடு, கிடா. தெருவில் குறுக்கே வண்டி ஓட்டுகிறவனைச் சொன்னால் ‘ஆஸ்ஹோல்’ சரியாக வரும். சிறைக்குள் அதே சொல் நிர்வாகத்தோடு ஒத்துழைக்கிற கைதியைக் குறிக்கும், அங்கே அது ரத்தம் பார்க்காமல் அடங்காது, ‘ஸ்னிட்ச்’ பக்கம் போக வேண்டும். ‘பெத்தூக்’, அதாவது சேவல், அதைவிட மோசம். சிறைச் சாதியடுக்கின் கடைசிப் படியில் தள்ளப்பட்டவனுக்கான பெயர் அது, ஆங்கிலத்தில் சேவல் என்று எழுதினால் பார்வையாளருக்கு அவன் ஏன் பாய்கிறான் என்றே புரியாது. அங்கே மிருகத்தை விட்டுவிட்டு, அமெரிக்கச் சிறையில் பலவீனனை அடிமையாக வைத்துக்கொள்ளும் ‘பிட்ச்’சை எடுப்பேன். கொஞ்சம் இழப்பு இருக்கிறது, பரவாயில்லை, அடிதடி ஏன் என்று விளங்கினால் போதும்.