‘நான் வந்த பஸ்’ சரி, ‘நான் வந்த நண்பன்’ ஏன் தவறு?

‘நான் பஸ்ஸில் வந்தேன்’ என்பதை ‘நான் வந்த பஸ்’ என்று திருப்பிவிடலாம். ‘நான் நண்பனோடு வந்தேன்’ என்பதை ‘நான் வந்த நண்பன்’ என்று திருப்ப முடியாது. வினை ஒன்றுதான், ‘நான்’ என்ற எழுவாயும் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு பெயர் தன் உருபைக் கழற்றி வைத்துவிட்டு வினைக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஆனால் ஒன்றைக் காது ஏற்கிறது, இன்னொன்றைத் தள்ளுகிறது. தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இந்த வேறுபாட்டை ‘பழக்கம்’ என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. இதற்குக் காரணம் உண்டு. அதைப் பாதியளவு உலகமொழி ஆய்விலிருந்தும் மீதியை நம் இலக்கணத்திலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் உலகமொழி ஆய்வு. மொழியியலாளர்கள் எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் காம்ரியும் சுமார் 50 மொழிகளை ஒப்பிட்டு 1977-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் பெயர்களில் எதை வேண்டுமானாலும் வெளியே எடுத்து, மீதி வாக்கியத்தை அதற்கு அடையாக்கிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது, அதற்கு ஒரு படிவரிசை இருக்கிறது என்று கண்டார்கள். மேல்படியில் எழுவாய். அதன் கீழ் செயப்படுபொருள். அடுத்து ‘யாருக்குக் கொடுத்தான்’ என்பதில் வரும் கொள்வோர். அதற்கும் கீழே கருவி, இடம், உடனிகழ்ச்சி போன்றவை. பிறகு ‘ஆசிரியருடைய மகன்’ என்பதில் வரும் உடையவர். கடைசியாக ‘குமாரைவிட உயரம்’ என்பதில் வரும் ஒப்பீட்டுப் பெயர். இதை அணுகல் படிநிலை என்று சொல்லலாம்.

இந்தப் படிநிலை சொல்வது மூன்று. எந்த மொழியிலும் எழுவாயையாவது இப்படி எடுக்க முடியும். ஒரு மொழி எந்த முறையைக் கையாண்டாலும் அந்த முறை அடுத்தடுத்த படிகளில்தான் செல்லும்; நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்காது. எழுவாயில் தொடங்கும் முறை எந்தப் படியில் வேண்டுமானாலும் நின்றுவிடலாம். மடகாஸ்கரின் மலகாசி மொழியில் அது முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. ‘துணி துவைத்த பெண்’ என்று அங்கே சொல்லலாம். ‘பெண் துவைத்த துணி’ என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. வினையை ‘துவைக்கப்பட்ட’ என்ற வடிவத்துக்கு மாற்றி, துணியை எழுவாய் ஆக்கிய பிறகுதான் அதை வெளியே எடுக்க முடியும். எட்டாத படியில் இருக்கும் பெயரை எட்டும் படிக்கு ஏற்றிவிட்டு எடுப்பது என்ற இந்த உத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி தமிழ். நம்முடைய முதன்மை முறை பெயரெச்சம். ‘வந்த பையன்’, ‘வாங்கிய புத்தகம்’, ‘நான் கடன் கொடுத்த ஆள்’. முதல் மூன்று படிகளில் சிக்கல் இல்லை. நான்காவது படியில்தான் கதை தொடங்குகிறது. அங்கே நம் இலக்கணம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஒரு நுட்பமான விஷயம் கிடைக்கிறது.

தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழிலுக்கு வேண்டியவை எட்டு என்று கணக்குச் சொல்கிறது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, ‘இன்னதற்கு’, ‘இது பயனாக’. பிறகு வினையியலில் பெயரெச்சத்துக்கு வரும்போது இப்படிச் சொல்கிறது:

“நிலனும் பொருளும் காலமும் கருவியும்
வினைமுதற் கிளவியும் வினையும் உளப்பட
அவ்வறு பொருட்குமோ ரன்ன உரிமைய
செய்யும் செய்த என்னும் சொல்லே.”

எட்டு இங்கே ஆறாகிவிட்டது. பட்டியலிலிருந்து விடுபட்டவை, யாருக்காக, என்ன பயனுக்காக என்று சொல்லும் ‘இன்னதற்கு’, ‘இது பயனாக’ என்ற கடைசி இரண்டு. நன்னூலும் ‘செய்வது ஆதி அறுபொருட் பெயரும்’ என்று ஆறோடு நிறுத்திக்கொள்கிறது. ஆறையும் ஒரே வினையில் பார்த்துவிடலாம்: மரத்தை வெட்டிய ஆள், அவன் வெட்டிய மரம், வெட்டிய அரிவாள், வெட்டிய தோப்பு, வெட்டிய நாள், வெட்டிய வெட்டு. ‘ஓரன்ன உரிமைய’, அதாவது ஆறுக்கும் சம உரிமை. பள்ளியில் இந்த ஆறையும் மனப்பாடம் செய்யவைக்கிறோம். எட்டு ஏன் ஆறானது என்று கேட்கவைப்பதில்லை. அந்தக் கேள்விதான் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

இதை வைத்து ‘கீனனுக்கு முன்பே தொல்காப்பியர் கண்டுபிடித்துவிட்டார்’ என்று எழுதுவது தவறு. தொல்காப்பியம் அடுக்குவது பொருள் உறவுகளை. கீனனும் காம்ரியும் அடுக்குவது வாக்கியத்தில் பெயர் வகிக்கும் இலக்கண இடங்களை. தொல்காப்பியத்தில் மேல்படி, கீழ்படி என்று எதுவும் இல்லை. ஒரு வேலிதான் இருக்கிறது, ஆறு உள்ளே, மற்றவை வெளியே. ஆனால் நான்காவது படிக்குள் நடக்கும் குழப்பத்துக்கு, இலக்கண இடத்தைவிடப் பொருள் உறவுதான் நல்ல விளக்கம் தருகிறது. நம் நூல் நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான்.

எப்படி என்று பார்ப்போம். பெயரெச்சத்தில், எச்சத்துக்குப் பின்னால் போய் நிற்கும் தலைப்பெயரின் உருபு காணாமல் போய்விடுகிறது. ‘பஸ்ஸில்’ என்பதிலிருந்த ‘இல்’ தொலைந்து ‘பஸ்’ மட்டும் நிற்கிறது. வாசிப்பவர் அந்த உருபைத் தானாக மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்பதற்கு அவரிடம் இரண்டு துப்புகள்தான் உண்டு: வினை எதை எதிர்பார்க்கிறது, அந்தப் பெயர் எந்த வகைப் பொருள். ‘வந்த பஸ்’ என்றதும் ஏறி வரும் ஊர்தி என்று தெரிகிறது. ‘வந்த வழி’, ‘வந்த நேரம்’, ‘வந்த வேலை’, இவை எல்லாம் பெயரிலேயே தங்கள் உறவைச் சொல்லிவிடுகின்றன. கடைசியில் சொன்ன ‘வேலை’ தொல்காப்பியரின் ‘இது பயனாக’ என்பதைச் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். ‘மரம் வெட்டிய கூலி இன்னும் வரவில்லை’ என்பதும் அதே வகைதான். இன்றைய வழக்கு வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது.

ஆனால் ‘நண்பன்’ என்ற பெயர் எதையும் சொல்வதில்லை. நண்பன் வரலாம், நண்பனைக் காண வரலாம், நண்பனுக்காக வரலாம், நண்பனோடு வரலாம். ‘வா’ என்ற வினையும் ஒரு துணையைக் கேட்பதில்லை. துப்பு இல்லை, அதனால் தொடர் விழுகிறது. இதே ‘ஓடு’ உருபை, துணை கட்டாயமாக வேண்டும் என்று கேட்கும் வினையோடு வைத்துப் பாருங்கள்: ‘குமார் சண்டை போட்ட பையன்’. ‘பையனோடு’ என்பதில் வரும் அதே உருபுதான் தொலைந்திருக்கிறது, ஆனால் தொடர் நன்றாக நிற்கிறது. தனியாகச் சண்டை போட முடியாது என்பதால் ‘ஓடு’ மீண்டுவிடுகிறது. கொள்வோர் விஷயமும் இப்படித்தான். ‘நான் கடன் கொடுத்த ஆள்’ சரி, ஏனென்றால் ‘கொடு’ என்ற வினைக்கு ஒரு ‘யாருக்கு’ வேண்டும். ‘முதலாளிக்காக மரம் வெட்டினான்’ என்பதை ‘மரம் வெட்டிய முதலாளி’ என்று மாற்றினால் அரிவாள் முதலாளி கைக்குப் போய்விடுகிறது.

உருபு தொலைவதால் வரும் ஆபத்தை உரையாசிரியர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் காட்டும் ‘புலி கொல் யானை’ என்ற தொடரில் செத்தது எது என்று தொடரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இன்றைக்கும் ‘புலி கொன்ற யானை’ என்று எழுதினால் அதே சிக்கல்தான். ‘புலியைக் கொன்ற யானை’ என்று உள்ளே நிற்கும் பெயருக்கு உருபைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வெளியே போன பெயருக்கு உருபு கொடுக்க முடியாது. உள்ளே இருப்பவற்றுக்காவது கஞ்சத்தனம் இல்லாமல் கொடுங்கள் என்று செய்தி எழுதுபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாவது படிக்கு வந்தால் ஓர் ஆச்சரியம். ‘நண்பனோடு’ நான்காவது படியில் தோற்றது. படிநிலையின் கணக்குப்படி அதற்குக் கீழே உள்ள உடையவரும் தோற்க வேண்டும். ஆனால் ‘கால் ஒடிந்த நாற்காலி’ என்று இயல்பாகச் சொல்கிறோம். நாற்காலியின் கால்தான் ஒடிந்தது, நாற்காலி உடையவர் இடத்தில் இருக்கிறது. படிநிலை பொய்த்துவிட்டதா?

இல்லை என்று நினைக்கிறேன். நன்னூலில் ‘சினைவினை சினையொடும் முதலொடும் செறியும்’ என்று ஒரு விதி இருக்கிறது. உறுப்பின் வினையை உறுப்புக்கும் ஏற்றலாம், உறுப்பை உடைய முழுப்பொருளுக்கும் ஏற்றலாம். அதனால்தான் ‘சாத்தன் கால் முறிந்து வீழ்ந்தான்’ என்ற வாக்கியம் வழுவாகாது. அப்படியென்றால் ‘கால் ஒடிந்த நாற்காலி’ என்பதில் நாற்காலி ஐந்தாவது படியிலிருந்து வரவில்லை. எழுவாய் போலவே முதல் படியிலிருந்து வந்திருக்கிறது. இதைச் சோதிக்க வழியும் உண்டு. உறுப்பையோ, உறுப்பு போல ஒட்டிய உறவையோ எழுவாய் இடத்திலிருந்து செயப்படுபொருள் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘மகன் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்’ சரி. ‘நான் மகனைப் பார்த்த ஆசிரியர்’ விழுகிறது. மகன் எழுவாயாக இருந்தபோது ஆசிரியரும் அவனோடு மேல்படிக்கு ஏறிக்கொண்டார். மகன் செயப்படுபொருள் ஆனதும் ஏணி போய்விட்டது. ‘நான் டயரை மாற்றிய வண்டி’ என்பது ஓரளவு நிற்கிறது. டயருக்குச் செய்தது வண்டிக்கே செய்தது போல என்பதால் அதற்கு மட்டும் சலுகை. மகனைப் பார்த்தது ஆசிரியருக்குச் செய்ததாகாது.

ஆறாவது படியில் பெயரெச்சம் முழுமையாக நின்றுவிடுகிறது. ‘குமாரைவிட நான் உயரம்’ என்பதிலிருந்து குமாரை வெளியே எடுக்க எந்த வழியும் இல்லை. அங்கே உதவுவது நம் இரண்டாவது முறை: ‘எந்தப் பையனைவிட நான் உயரமோ அந்தப் பையன்’. இந்த ‘எந்த… ஓ… அந்த’ முறையில் உருபு தொலைவதில்லை, ‘எந்தப் பையனைவிட’ என்று பத்திரமாக இருக்கிறது. அதனால் இது எல்லாப் படிக்கும் எட்டும். ஹீபுருவும் பாரசீகமும் கீழ்ப்படிகளில் ‘அவனை’, ‘அவனுடைய’ போன்ற ஒரு சுட்டுப்பெயரை உள்ளே விட்டுவைத்து உருபைக் காப்பாற்றுகின்றன. நாம் அதே வேலையை வினாச்சொல்லை வைத்துச் செய்கிறோம்.

மொழிபெயர்ப்பில் தவறு நடப்பது இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில்தான். ஆங்கிலத்தில் ‘யாருடைய மகனை ஸ்டேஷனில் பார்த்தேனோ அந்த ஆசிரியர்’ என்பதற்கு இணையான தொடர் சர்வசாதாரணமாக வரும். அதைப் பெயரெச்சத்தில் திணித்தால் ‘நான் ஸ்டேஷனில் மகனைப் பார்த்த ஆசிரியர்’ என்று உடைந்த தமிழ் வரும். ‘யாருடைய… அந்த’ என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் பக்கத்துக்கு நான்கு வந்தால் வாசகர் களைத்துவிடுவார். மலகாசி செய்வதைச் செய்யலாம்: பெயரை மேல்படிக்கு ஏற்றலாம். மகனை எழுவாய் ஆக்குங்கள், ‘மகன் ஸ்டேஷனில் என் கண்ணில் பட்ட ஆசிரியர்’. இப்போது உடையவர் எழுவாயின் தோளில் ஏறி வந்துவிட்டார். அதுவும் நெருடினால் ‘அந்த ஆசிரியரின் மகனை ஸ்டேஷனில் பார்த்தேன், அவர்…’ என்று இரண்டு வாக்கியமாகப் பிரித்துவிடுங்கள்.

நீங்களே ஒரு தொடரைச் சோதிக்க விரும்பினால், முதலில் அதை எச்சம் இல்லாத முழு வாக்கியமாக எழுதித் தலைப்பெயருக்கு என்ன உருபு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெயரெச்சத் தொடரை மட்டும் இன்னொருவரிடம் காட்டி, அதை முழு வாக்கியமாக்கச் சொல்லுங்கள். அவர் போடும் உருபும் நீங்கள் குறித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைக்கு ‘பஸ்’, ‘கத்தி’ போன்ற பெயர்களை எடுக்காதீர்கள், அவை தங்கள் உறவைத் தாமே சொல்லிவிடும். ‘பையன்’, ‘ஆசிரியர்’ என்று எந்த இடத்திலும் நிற்கக்கூடிய ஆளை எடுங்கள். ‘நான் பயந்த பையன்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘பையனுக்குப் பயந்தேன்’ என்று ஒருவர் எழுதுவார், ‘பையனை நினைத்துப் பயந்தேன்’ என்று இன்னொருவர் எழுதுவார். அப்படி இரண்டு விடை வரும் தொடருக்கு உருபை வெளியே காட்டும் வடிவம்தான் வேண்டும்.