யாரும் உள்ளே நுழையவில்லை, முகவரி இடித்துக்கொண்டது

நேற்று இரவு குழுவில் ஓடிய விவாதத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அண்ணன் போட்ட இரண்டு ஸ்கிரீன்ஷாட், அதன் கீழே "சப்நெட் ரவுட்டர் போட்டால் வீடு திறந்த வீடுதான்" என்று ஒரு வரி, அதற்கு விழுந்த நூற்றுக்கணக்கான லைக். வெளியூரிலிருந்தும் வீட்டுக் கருவிகளைப் பார்க்கும்படி, அவர் வீட்டில் ஒரு மினி பிசியை வைத்து, டெயில்ஸ்கேல் என்ற விபிஎன்னைப் போட்டு, அதைச் சப்நெட் ரவுட்டராக்கிக் கொடுத்தது நான்தான். என் பெயரை அவர் எழுதவில்லை, ஆனாலும் அது யார் வேலை என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. முகவரி இடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

முதல் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொள்வோம். வெளியூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, வீட்டு ரவுட்டரைப் பார்க்கலாம் என்று மேக் மடிக்கணினியில் 192.168.1.1 என்று அடித்திருக்கிறார். லாகின் பக்கம் வந்திருக்கிறது. தன் பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்கிறது. "யாரோ மாற்றிவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள், அந்தப் பக்கத்தின் வண்ணமும் அமைப்பும் அவர் வீட்டு ரவுட்டருடையது இல்லை. அது அந்த விடுதியின் ரவுட்டர்! விடுதியின் வைஃபையும் 192.168.1 என்று தொடங்கும் 192.168.1.0/24 வரம்பு, அவர் வீடும் அதே வரம்பு.

சப்நெட் ரவுட்டர் செய்கிற வேலை சிக்கலானது இல்லை. வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, "இந்த முகவரிகளுக்குப் போக வேண்டியதை என்னிடம் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்று டெயில்ஸ்கேலில் சேர்ந்த மற்றக் கருவிகளிடம் அறிவிக்கிறது. டெயில்ஸ்கேலை நிறுவவே முடியாத பிரின்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாம் அந்த ஒரு கணினி வழியாகக் கிடைத்துவிடும். அவர் வீட்டில் நான் அடித்த கட்டளை இதுதான்:

```
sudo tailscale set --advertise-routes=192.168.1.0/24
```

இப்போது அவர் மடிக்கணினி இருக்கும் நிலையை யோசியுங்கள். 192.168.1.1 எங்கே என்ற கேள்விக்கு அதனிடம் இரண்டு பதில் இருக்கிறது. வைஃபை வழியாக இதோ பக்கத்திலேயே என்பது ஒன்று, டெயில்ஸ்கேல் வழியாக வீட்டில் என்பது இன்னொன்று. மேக் நேரடியாக இணைந்திருக்கும் நெட்வொர்க்கையே முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் விடுதியின் ரவுட்டர் பதில் சொன்னது. ஒரே கதவு எண் இரண்டு தெருவில் இருந்தால் பக்கத்துத் தெருவில் போய்த் தட்டுவது போலத்தான். தட்டிய கதவு வேறு, திறக்காத பூட்டும் வேறு. முகவரி இடித்துக்கொண்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். டெயில்ஸ்கேலை அணைத்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் வந்தால் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கருவி, உங்கள் வீட்டுடையது இல்லை. குழுவில் குற்றம் சாட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது ஒன்றுதான்.

"எனக்கும் இதே நிலைமை, ஆனால் வீடு சரியாகத் திறந்ததே, நீங்கள் சப்பைக்கட்டு கட்டுகிறீர்கள்" என்று ஒருவர் அங்கே எழுதியிருந்தார். உங்களுடையது லினக்ஸ் மடிக்கணினியாக இருக்கும். லினக்ஸில் டெயில்ஸ்கேல் தன் வழிகளை 52 என்ற எண்ணுள்ள தனி ரூட்டிங் டேபிளில் வைக்கிறது, வழக்கமான டேபிளுக்கு முன்பே அது பார்க்கப்படும். அதனால், அறிவிக்கப்பட்ட வழிகளை ஏற்கச் சொல்லும் `--accept-routes` கொடுத்திருந்தால் உங்களுக்கு வீடு கிடைத்திருக்கும். ஆனால் அதே நேரத்தில் நீங்கள் இருந்த இடத்தின் பிரின்டரில் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்திருந்தால் கிடைத்திருக்காது. உங்களுக்கும் இடித்துக்கொண்டுதான் இருந்தது. எந்தப் பக்கம் தோற்றது என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்தான் என்னை உண்மையாகவே வருத்தியது. கேமரா ரெக்கார்டரின் பதிவேடு அது. இரவு பதினொன்றே காலுக்கு 192.168.1.20 என்ற முகவரியிலிருந்து லாகின் ஆகியிருக்கிறது. அந்த முகவரி மினி பிசியுடையது. "நான் ஊரில் இல்லாதபோது இந்தப் பெட்டி தானாக என் கேமராவுக்குள் போகிறது" என்று எழுதியிருந்தார். அந்தப் பெட்டியை வைத்தவன் நான். அப்படியானால் அவர் யாரைச் சொல்கிறார்?

அண்ணே, அது நீங்கள்தான். இரவு சாப்பிட்டுவிட்டு ஃபோனில் கேமரா பார்த்தீர்களா இல்லையா? லினக்ஸில் ஓடும் சப்நெட் ரவுட்டர் வழக்கமாக, வெளியிலிருந்து வருபவரின் 100 என்று தொடங்கும் டெயில்ஸ்கேல் முகவரியை மறைத்துத் தன் வீட்டு முகவரியைப் போட்டுத்தான் உள்ளே அனுப்பும். காரணம் இருக்கிறது. ரெக்கார்டருக்கு 100.64.0.0/10 வரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது, அந்த முகவரிக்குப் பதிலை அனுப்பினால் அது மினி பிசியிடம் திரும்பி வராமல் வீட்டு ரவுட்டரிடம் போய்த் தொலைந்துவிடும். பக்கத்திலிருக்கும் மினி பிசி கேட்டது போலக் காட்டினால் பதில் ஒழுங்காக வந்து சேரும். வேண்டாமென்றால் `--snat-subnet-routes=false` என்று நிறுத்தலாம், ஆனால் அப்போது வீட்டு ரவுட்டரில் திரும்பும் வழியை நாமே எழுத வேண்டும்.

இதில் ஒரு குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு பேர் வெளியிலிருந்து பார்த்தாலும் ரெக்கார்டரின் பதிவேட்டில் நால்வரும் ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். யார் பார்த்தது என்பதை அந்தப் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது. இதை நான் அவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு. ஆனால் சொல்லாமல் விட்டதும் திருட்டுத்தனமாக நுழைந்ததும் ஒன்றா?

இதை நான் புத்தகத்தில் படித்துப் பேசவில்லை. என் அப்பா வீட்டில் முதலில் இதை அமைத்தபோது, பாக்கெட்டைக் கைமாற்றிவிட அனுமதிக்கும் அமைப்பை `sysctl -w` கொடுத்து அப்போதைக்கு மட்டும் மாற்றிவிட்டு வந்துவிட்டேன். கோப்பில் எழுதவில்லை. மூன்று மாதம் அருமையாக ஓடியது. ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் கேமரா செத்துவிட்டது. தூக்கத்திலிருந்த அப்பாவை எழுப்பி, கேமராவை அணைத்துப் போடச் சொன்னேன், ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன், ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைப் பார்க்கச் சொன்னேன். எழுபது வயதுக்காரர். மறுநாள்தான் உறைத்தது: அந்தக் கணினி தன் 100 முகவரியில் பதில் சொல்கிறது, அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் பதில் சொல்லவில்லை. அப்படியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான். அந்தக் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்து இதை எழுதி முடித்தேன்:

```
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee -a /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
```

அப்பாவை அந்த ராத்திரி ஸ்டூலில் ஏற்றியது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் அண்ணன் வீட்டில் அரைநாள் உட்கார்ந்து, மின்சாரத்தை நானே இரண்டு முறை நிறுத்திப் போட்டுச் சோதித்தேன். அந்த மினி பிசியின் டெயில்ஸ்கேல் சாவி 180 நாளில் காலாவதியாகாதபடி நிர்வாகப் பக்கத்தில் மாற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். இதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

"ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக நிறுவுவதுதானே சரி?" என்று கேட்பவர்களுக்கு: முடிகிற இடத்தில் அதுதான் சரி, நானும் அதைத்தான் செய்கிறேன். பிரின்டரில் எப்படி நிறுவுவது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். "ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால் போதுமே" என்பவர்களோடு வாதாடப் போவதில்லை. ரெக்கார்டரின் லாகின் பக்கத்தை உலகம் முழுவதற்கும் காட்டுவதுதான் திறந்த வீடு.

ஒரு கேள்வியை மட்டும் மதிக்கிறேன். "வீடு முழுவதையும் ஏன் அறிவிக்க வேண்டும்?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அறிவித்தால் மட்டும் எதுவும் திறக்காது, நிர்வாகப் பக்கத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் வழி செயல்படும். ஆனால் ஒப்புதல் கொடுத்தபின், அணுகல் விதிகளை யாரும் தொடாமல் விட்டிருந்தால், அந்த டெயில்ஸ்கேல் கணக்கில் சேர்ந்த எல்லோருக்கும் அந்த 254 முகவரிகளும் எட்டும். அண்ணன் கணக்கில் அவர், அண்ணி, மகன் மூவர்தான், அதனால் விட்டேன். இப்போது யோசித்தால், அவருக்குத் தேவை ரெக்கார்டரும் பிரின்டரும்தான். இரண்டு முகவரியை மட்டும் அறிவித்திருக்கலாம்.

எனவே இனி செய்ய வேண்டியது இது. அவர் வீட்டு நெட்வொர்க்கை 192.168.1 என்பதிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட 10.0.0.0/8 வரம்பு பரந்து கிடக்கிறது, அதில் 10.83.47.0/24 மாதிரி யாரும் சாதாரணமாக வைக்காத ஒன்றை எடுத்தால் விடுதியோடு மோதுவது அநேகமாக நடக்காது. இதைத் தூரத்திலிருந்து செய்யக்கூடாது, பாதியில் தொடர்பு அறுந்துவிடும். முதலில் ரெக்கார்டரிலும் பிரின்டரிலும் கையால் போட்ட முகவரியை எடுத்துவிட்டு, ரவுட்டரே முகவரி கொடுக்கும்படி மாற்ற வேண்டும். அப்புறம் ரவுட்டரின் முகவரியை மாற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, அந்த இரண்டு கருவிக்கும் ரவுட்டரிலேயே 10.83.47.21, 10.83.47.22 என்று நிலையான முகவரியை ஒதுக்கி, அவற்றை மட்டும் மறுபடி அணைத்துப் போட வேண்டும். கடைசியாக மினி பிசியில் இது:

```
sudo tailscale set --advertise-routes=10.83.47.21/32,10.83.47.22/32
```

இந்தக் கட்டளை பழைய அறிவிப்பை நீக்கிவிட்டு இந்த இரண்டை மட்டும் வைக்கும். புதிய இரண்டுக்கும் நிர்வாகப் பக்கத்தில் மறுபடி ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதை மறந்தால் "இதுவும் வேலை செய்யவில்லை" என்று இன்னொரு பதிவு வரும்.

உங்களை எத்தனை வருடமாக அண்ணே என்று கூப்பிடுகிறேன். ஒரு வார்த்தை கேட்காமல் நூறு பேர் முன்னால் எழுதிவிட்டீர்கள். அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது, யாரும் நுழையவில்லை என்பதை அதன் கீழே நீங்களே எழுதினால் எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து முகவரியை மாற்றித் தருகிறேன். ரெக்கார்டரின் பாஸ்வேர்டை எடுத்து வைத்திருங்கள், என்னிடம் அது இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை.