முதல் மாரத்தானுக்கு முந்தைய இரவு: கட்டிலில் எதை எடுத்து வைப்பது?

எங்கள் ஓட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதன்முறையாக முழு தூரமான 42.195 கிலோமீட்டரை ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு பட்டியலை அனுப்பி, "அண்ணா, இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், 41 பொருள்கள் இருந்தன. விட்டுப்போனது ஒன்றும் இல்லை, விட்டுவிட வேண்டியவைதான் நிறைய. அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொருள் அந்தப் பட்டியலில் இருக்கலாமா கூடாதா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு நீங்கள் ஓடும் கடைசி நெடு ஓட்டத்தில், அதாவது 30 கிலோமீட்டரோ 32 கிலோமீட்டரோ ஓடிய அந்த நாளில், அந்தப் பொருள் உங்கள் உடம்பில் இருந்ததா? இருந்து, தொந்தரவு செய்யவில்லை என்றால் அதற்கு இடம் உண்டு. இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் பந்தய எண் அட்டை, வாங்கப் போகும் இடத்தில் கடை விரித்திருப்பார்கள். புதுக் காலுறை, புது இடுப்புப் பை, புது வகை உப்பு மாத்திரை எல்லாம் தள்ளுபடியில் கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த மாதப் பயிற்சிக்கு. அங்கே கொடுக்கும் நிகழ்ச்சி டீ-ஷர்ட்டுக்கும் இதே விதிதான். நான் என் முதல் முழு மாரத்தானை அதை அணிந்துதான் ஓடினேன். அக்குளருகே இருந்த தையல் 18ஆவது கிலோமீட்டரில் உரசத் தொடங்கியது. 30ஐத் தாண்டும்போது கையை வீசவே முடியாமல் இறக்கை விரித்த கோழி மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன, காட்ட மாட்டேன்.

உரசல் என்பது சென்னை ஓட்டக்காரருக்குச் சின்ன விஷயம் அல்ல. ஜனவரி அதிகாலையில் வெப்பம் குறைவுதான் என்றாலும் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியாகாமல் துணியிலேயே தங்கிவிடுகிறது. ஈரத்துணியும் ஈரத்தோலும் பல ஆயிரம் முறை உரசிக்கொள்ளும்போது, ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் தெரியவே தெரியாத ஒரு மடிப்பு, முப்பதில் புண்ணாகிவிடும். பருத்தி பனியன் கூடாது என்பது இதனால்தான். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு கனமாகி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு எங்கே உரசும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நெடு ஓட்டம் முடிந்து குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் எந்தெந்த இடம் எரிகிறதோ, அதுதான் உங்கள் வரைபடம். பெரும்பாலும் தொடையின் உள்பக்கம், அக்குள், ஆண்களுக்கு மார்க்காம்பு, பெண்களுக்கு உள்ளாடையின் கீழ்ப்பட்டை அழுந்தும் கோடு ஆகியவையாக இருக்கும். அங்கெல்லாம் வாசலின் தாராளமாகத் தடவ வேண்டும். மார்க்காம்பில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டுநாடா ஒட்டுவதாக இருந்தால் உலர்ந்த தோலில் முதலில் அதை ஒட்டிவிட்டு, பிறகு மற்ற இடங்களில் வாசலின் தடவுங்கள். வரிசை மாறினால் நாடா மூன்றாவது கிலோமீட்டரிலேயே கழன்று விழும்.

காலணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கனவே நெடு ஓட்டங்களில் பழகிய ஜோடி. நீண்ட ஓட்டத்தில் பாதம் சற்று வீங்கும் என்பதால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கால் நகங்களை மட்டும் மூன்று நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முந்தைய இரவு அவசரத்தில் ஒட்ட வெட்டிய நகம், 42 கிலோமீட்டர் முழுவதும் உங்களோடு பேசிக்கொண்டே வரும். காலுறை பருத்தியாக இல்லாமல், முன்பே ஓடிப் பழகியதாக இருக்கட்டும். இன்னொன்று: தண்ணீர் மேசைகளில் தலையில் நீர் ஊற்றிக்கொள்ளும்போது நிமிர்ந்து நின்று ஊற்றினால் அது கால் வழியாக வழிந்து காலணிக்குள் இறங்கி, அடுத்த பத்து கிலோமீட்டரில் கொப்புளமாகும். குனிந்து, தலையை முன்னால் நீட்டி ஊற்றுங்கள்.

அடுத்தது ஜெல், அதாவது ஓடிக்கொண்டே விழுங்குவதற்காகச் சிறு உறையில் வரும் இனிப்புக் கூழ். புதியவர்கள் இதில்தான் கணக்குப் போடாமல் போகிறார்கள். தம்பி ஐந்து மணி நேரத்தில் முடிக்கலாம் என்று நினைக்கிறார். அவருக்காகப் போட்ட கணக்கு இது: முதல் ஜெல் 40ஆவது நிமிடத்தில், அதன்பின் 45 நிமிடத்துக்கு ஒன்று. அப்படியானால் 0:40, 1:25, 2:10, 2:55, 3:40, 4:25 என ஆறு ஜெல். கீழே விழுந்தாலோ உறை கிழிந்தாலோ உதவ ஒன்று கூடுதலாக, ஆக ஏழு. ஒரு ஜெல்லில் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும் என்பதால், மணிக்கு 30 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். நெடுந்தூர ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை என்பது பொதுவான வழிகாட்டல். வயிறு பழகாத முதல் முறைக்குக் கீழ் எல்லையை ஒட்டி இருப்பதே நல்லது, மேசைகளில் கிடைக்கும் வாழைப்பழத் துண்டு மீதியை ஈடுகட்டும். பசி எடுத்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 32ஆவது கிலோமீட்டரில் கால்கள் திடீரென்று வேறு யாருடையவையோ போலாவதற்கு முக்கியக் காரணம், தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோவதுதான். ஜெல்லைத் தண்ணீரோடு மட்டும் சாப்பிடுங்கள். இனிப்பான விளையாட்டுப் பானத்தோடு சேர்த்தால் வயிற்றில் சர்க்கரைச் செறிவு கூடிக் குமட்டும். ஜெல் பிடிக்காதவர்கள் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் நான்கை ஒரு ஜெல்லுக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம். கடலை மிட்டாய் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் மூச்சு வாங்கும்போது அதை மென்று விழுங்குவது தனி வேலை.

தம்பியின் பட்டியலில் வலி நிவாரணி மாத்திரை இரண்டு இடங்களில் இருந்தது. அதை நான் இரண்டு இடங்களிலும் அடித்துவிட்டேன். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடல் நீர் இழந்து உழைக்கும் நேரத்தில் அவற்றை விழுங்குவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது. அதேபோல், "நிறையத் தண்ணீர் குடி" என்ற அறிவுரையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே, அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்கே, அது கூடுதலாகக் காணப்பட்டது. மெதுவாக ஓடும் புதியவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று நிதானமாகக் குடிப்பதால் இந்த வலையில் எளிதாக விழுகிறார்கள். விரல் மோதிரம் இறுகுவதும், வயிற்றில் தண்ணீர் குலுங்குவதும், தலைவலியோடு குமட்டுவதும் அதன் அறிகுறிகள். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். குழப்பமோ தொடர் வாந்தியோ வந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் செல்லுங்கள்.

இனி முந்தைய மாலை. தொடக்கம் அதிகாலை நான்கு மணி என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும். மூன்றேகாலுக்குள் அங்கே இருந்தால்தான் பையை ஒப்படைக்கவும், கழிவறை வரிசையில் நிற்கவும் முடியும். அந்த வரிசையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். உணவு ஒன்றே முக்காலுக்கு: இரண்டு மூன்று இட்லியைச் சர்க்கரை தொட்டு, கூடவே ஒரு வாழைப்பழம். சாம்பார் வேண்டாம். ஆகவே எழுவது ஒன்றரைக்கு. அந்த நேரத்தில் மெட்ரோவை நம்ப முடியாது, தொடக்கத்தை ஒட்டிய சாலைகள் அடைபட்டிருக்கும். யார் வண்டியில், எந்த இடம் வரை போவது என்பதை முந்தைய நாளே பேசி முடித்துவிடுங்கள். இரவு உணவு ஏழு மணிக்குள், சோறும் தயிரும் போல வயிறு அறிந்த எதுவாகவும் இருக்கலாம். கீரை, பயறு, பரோட்டா இந்த ஒரு நாள் காத்திருக்கட்டும்.

சாப்பிட்ட பின் ஓடும் உடையை முழுதாக அணிந்துகொண்டு, கண்ணாடி முன் நின்று பிப்பைக் குத்துங்கள். கட்டிலில் விரித்த சட்டையில் குத்தினால், அணியும்போது துணி இழுபட்டுப் பிப் வளைந்துவிடும். நான்கு மூலைகளிலும் நான்கு ஊக்குகள், முன்பக்கம், வயிற்றுக்குச் சற்று மேலே. பல பந்தயங்களில் நேரப் பதிவுச் சிப் பிப்பின் பின்புறத்திலேயே ஒட்டியிருக்கும் என்பதால் அதை மடிக்கவோ, அதன்மேல் இடுப்புப் பையைக் கட்டவோ கூடாது. பின்புறத்தில் இரத்த வகையையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் வியர்வையில் கலையாத பேனாவால் எழுதுங்கள். அதே கோலத்தில் ஏழு ஜெல்லையும் இடத்தில் வைத்து, வீட்டுக்குள் பத்துமுறை குதித்துப் பாருங்கள். எது ஆடுகிறதோ அது நாளை ஐந்து மணி நேரமும் ஆடும். என் மனைவி இந்தக் காட்சியை ஒவ்வோர் ஆண்டும் ஆவலோடு எதிர்பார்க்கிறார்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஒரே நாற்காலியில் அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தொப்பியை மட்டும் மறக்காதீர்கள்: இருட்டில் தொடங்கும் ஓட்டம் என்பதால் அது தேவையில்லை என்று தோன்றும், ஆனால் ஜனவரியில் ஆறரைக்கு மேல் சூரியன் வந்துவிடுவதால், ஐந்து மணி நேரம் ஓடுபவர் கடைசி இரண்டரை மணி நேரத்தை வெயிலில்தான் ஓடுவார். கைக்கடிகாரத்தைச் சார்ஜில் போடுங்கள். மறுநாள் அது 42.6 என்று காட்டினாலும் பதறாதீர்கள், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டியே அளக்கப்படும் பாதையை யாரும் அவ்வளவு துல்லியமாக ஓடுவதில்லை. நெகிழிப் பையில் சுற்றிய ஒரு 200 ரூபாய்த் தாள். ஒப்படைக்கும் பையில் துண்டு, செருப்பு, மாற்றுச் சட்டை.

எட்டரைக்குப் படுத்தால் தூக்கம் வராது. வராவிட்டாலும் ஓட்டம் கெடாது. அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். தம்பியின் 41 பொருள்கள் இப்போது 16 ஆகிவிட்டன. நிகழ்ச்சி டீ-ஷர்ட்டும் அதில் இருக்கிறது, ஒப்படைக்கும் பையில், மாற்றுச் சட்டையாக.