1,250,000ன்னா எம்புட்டு?

மேலூர் பக்கம் கிரானைட் பட்டறை வச்சிருக்க எங்க மாமா, பாலிஷ் மெஷினுக்கு வந்த கொட்டேஷன வாட்ஸ்அப்ல வாங்கி, ஒண்ணே கால் லட்சம்தான்னு நெனச்சு இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸும் போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம டீ குடிக்கையில எனக்குக் காட்டுனாரு, அதுல இருந்தது 1,250,000. மாமா இது பன்னெண்டரை லட்சம்னு சொன்னதும் மனுசனுக்கு மொகமே மாறிப்போச்சு, இப்ப அட்வான்ஸத் திரும்ப வாங்க அலைஞ்சுக்கிட்டிருக்காரு.

அவர் கண்ணக் குறை சொல்ல முடியாதுங்க. நமக்கு 1,25,000தான் பழக்கம், ஒண்ணு, கமா, இருபத்தஞ்சுன்னு பாத்ததுமே வாய் லட்சம்னு சொல்லிரும். நம்ம கணக்குல ஆயிரத்துக்கு மேல பேரு நூறு மடங்குக்கு ஒருக்கா மாறும், நூறு ஆயிரம் ஒரு லட்சம், நூறு லட்சம் ஒரு கோடி, அதனால கமாவும் ரெண்டு ரெண்டு எண்ணாத் தள்ளி விழும். வெளிநாட்டுல ஆயிரம் மடங்குக்கு ஒருக்காத்தான் புதுப்பேரு, ஆயிரம் ஆயிரம் ஒரு மில்லியன், ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன், கமா மூணு மூணாப் போகும். கடைசி மூணு எண்ணுக்கு முன்னாடி போடுற கமா மட்டும் ரெண்டுலயும் ஒரே எடம், வித்தியாசமெல்லாம் அதுக்கு இடது பக்கம்தான்.

அதனால ரெண்டு கமா இருக்க தொகையப் பாத்தா நடுவுல எத்தன எண்ணுன்னு பாருங்க. ரெண்டு இருந்தா நம்ம முறை, மூணு இருந்தா மில்லியன் முறை. சந்தேகமா இருந்தா கமாவையெல்லாம் அழிச்சு 1250000ன்னு எழுதி, வலது பக்கத்துல இருந்து மூணு, ரெண்டு, ரெண்டுன்னு பிரிங்க, 12,50,000ன்னு தானா வந்துரும்.

மனசுல வச்சுக்க ஒண்ணே ஒண்ணு போதும், ஒரு மில்லியன் பத்து லட்சம். யூடியூப்ல 2.5Mன்னா இருபத்தஞ்சு லட்சம் பேரு பாத்துருக்காங்க. பத்து மில்லியன் ஒரு கோடி, பில்லியன் நூறு கோடி, அதான் இந்தியாவுல 1.4 பில்லியன் சனம்னு போட்டா 140 கோடின்னு அர்த்தம். டாலர்ல வந்தா மொதல்ல எண்ண மாத்திட்டு அப்புறமா ரூபாயால பெருக்குங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல மனசுல போட்டாத்தான் சைபர் ஒண்ணு காணாமப் போகுது. பழைய இங்கிலாந்து புத்தகம் படிக்கிறவுக மட்டும் கவனமா இருங்க, அங்க முன்னாடி பில்லியன்னா மில்லியன் மில்லியன், அதாவது லட்சம் கோடி, அரசாங்கக் கணக்குலயே 1974லதான் மாத்துனாங்க.

எக்செல்ல பில் போடுற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். விண்டோஸ்ல Region போயி Additional settings, அதுல Digit grouping எடத்துல 12,34,56,789 இருக்கதத் தேர்ந்தெடுங்க, கமா நம்ம முறைக்கு வந்துரும். அதோட தொகைக்குக் கீழ எழுத்தாலயும் போடுங்கப்பா. "ரூபாய் பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்"னு ஒரு வரி இருந்திருந்தா மாமா அந்த இருபத்தஞ்சாயிரத்தக் கட்டியிருக்க மாட்டாரு.